அம்மாவுக்கு ஆப்பிள் வாட்ச்: விழுந்தா உதவி வர்ற மாதிரி செட் பண்றது எப்படி

அம்மா, பார்சலைப் பிரிச்சதும் வாட்ச்சைக் கையில கட்டிடாதே. இதை முதல்ல முழுசா ஒரு தடவை படி. அப்புறம் போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு எண்ணா செஞ்சுக்கிட்டே வா. ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்லை. 1 முதல் 6 வரைக்கும் ஒரு நாள், மிச்சம் மறுநாள்னு வெச்சுக்கலாம். ஆனா வரிசையை மட்டும் மாத்தாதே. போன்ல போட வேண்டிய விவரம் விட்டுப்போச்சுன்னா, வாட்ச் பார்க்க நல்லாத்தான் ஓடும். வேண்டிய நேரத்துல யாரையும் கூப்பிடாது.

இது ஆப்பிள் வாட்ச் எஸ்இ, இரண்டாம் தலைமுறை, ஜிபிஎஸ் மாடல். நடந்த அடியை எண்ணும், நாடித்துடிப்பு காட்டும், பாட்டு மாத்தும். அதையெல்லாம் நீயே தட்டித் தட்டிக் கத்துக்குவே. நான் இங்க எழுதறது ஒரே ஒரு வேலைக்கு: நீ எங்கயாவது விழுந்தாலோ, எழுந்திருக்க முடியாம போனாலோ, உதவி வரணும்.

இதுல ரெண்டு பொத்தான்தான். பழைய வாட்ச்சுக்குச் சாவி கொடுப்போமே, அந்த மாதிரி சுத்தற வட்டமானது ஒண்ணு. அதைக் குமிழ்னு சொல்றேன். அதுக்குக் கீழே தட்டையா, நீளமா இருக்கறது இன்னொண்ணு. அது நீளப் பட்டன். எங்கயாவது தெரியாத திரைக்குள்ள மாட்டிக்கிட்டா குமிழை ஒரு தடவை அழுத்து. போதாதுன்னா இன்னொரு தடவை. மணி காட்டற திரை வந்துடும்.

1. கையில எடுத்து வெச்சுக்க வேண்டியவை

உன் ஐபோன், அதோட பூட்டு எண், வீட்டு வைஃபை, உன் ஆப்பிள் கணக்கோட பாஸ்வேர்டு. இந்தக் கடைசி விஷயத்துலதான் முக்கால்வாசிப் பேர் நின்னு போவாங்க. இணைப்பு பாதியில இருக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும். தெரியலைன்னா அங்கயே வண்டி நின்னுடும். போன்ல Settings திறந்து மேலே உன் பேரைத் தட்டினா எந்த மின்னஞ்சல்ல கணக்கு இருக்குன்னு தெரியும். பாஸ்வேர்டு மறந்திருந்தா அதே இடத்துல Sign-In & Security உள்ளே போய் மாத்திக்கோ. வாட்ச்சைத் தொடறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடு.

அடுத்து Settings, General, Software Update. ஏதாவது அப்டேட் காத்திருந்தா போட்டு முடி. போன்ல இருக்கற மென்பொருள் பழசா இருந்தா வாட்ச் அதோட சேர மாட்டேன்னு சொல்லிடும்.

பெட்டியை நான் பிரிக்கவே இல்லை, அப்படியேதான் அனுப்பினேன். "நீயே செட் பண்ணி அனுப்பியிருக்கலாமே"ன்னு உனக்குத் தோணும். நான் என் போனோட ஒரு தடவை இணைச்சிருந்தா வாட்ச் என் கணக்குக்குப் பூட்டிக்கும். அப்புறம் உன் போன்ல சேர்க்கப் போனா என் பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.

2. முதல்ல சார்ஜ்

சார்ஜர் ஒரு வெள்ளை வட்டம். ரெண்டு பக்கமும் மெல்லிசா பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தா உரிச்சிடு. அது இருந்தா காந்தம் சரியா கவ்வாது. வாட்ச்சோட முதுகை அதுமேல வெச்சா தானா ஒட்டிக்கும். திரையில பச்சை மின்னல் குறி வந்தா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். ஒண்ணும் வரலைன்னா கொஞ்சம் நகர்த்தி வை. ஒயரோட மறுமுனை சின்னதா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். உன் பழைய போன் சார்ஜர்ல அது நுழையாது, அதனால அடாப்டரும் பார்சல்ல வெச்சிருக்கேன்.

பாதிக்கு மேல ஏறினப்புறம் ஆரம்பி. இணைச்ச உடனே வாட்ச் தன்னை அப்டேட் பண்ணிக்கணும்னு கேட்கலாம். அதுக்கு 50 சதவீதமாவது சார்ஜ் இருக்கணும், சார்ஜர் மேலயும் இருக்கணும்.

3. போனோட இணைக்கறது

போன்ல புளூடூத், வைஃபை ரெண்டும் ஆன்ல இருக்கட்டும். வாட்ச்சோட நீளப் பட்டனை ஆப்பிள் படம் வர்ற வரைக்கும் அழுத்திப் பிடி. படம் வந்ததும் விட்டுட்டு, போனை வாட்ச் பக்கத்துல கொண்டு வா. போன்ல தானா ஒரு அட்டை எழும்பி வரும், Continue தட்டு.

அடுத்து யாருக்காக செட் பண்றேன்னு கேட்கும். Set Up for Myself தட்டு. இங்கதான் தப்பு நடக்கும்: "மகள் வாங்கிக் கொடுத்தது, குடும்பம்தானே"ன்னு Set Up for a Family Member தட்டிடாதே. அது சொந்தமா ஐபோன் இல்லாதவங்களுக்கான வழி, அதுக்கு சிம் வசதி உள்ள மாடல் வேணும். நம்மளோடது அது இல்லை.

இப்ப வாட்ச் திரையில புள்ளிகள் சுத்தற மாதிரி ஒரு படம் வரும். போன் கேமராவை அதுக்கு நேரா காட்டி, போன்ல தெரியற கட்டத்துக்குள்ள வாட்ச்சைக் கொண்டு வா. கை நடுங்கினா வாட்ச்சை மேசை மேல வெச்சிட்டுக் காட்டு.

எந்தக் கையில கட்டுவேன்னு கேட்கும். உண்மையிலேயே கட்டப் போற கையைச் சொல்லு. எந்தக் கையால அதிகம் வேலை செய்யறியோ அதுக்கு எதிர்க் கை நல்லது; கைதட்டறது, துணி துவைக்கறது மாதிரி வேகமான அசைவை வாட்ச் விழுந்ததா நினைச்சுக்கறது அதுல குறையும்.

பாஸ்கோடு வைக்கச் சொல்லும்போது Don't Add Passcode தட்டிட்டுத் தாண்டிப் போகாதே. 4 எண் போடு. இது ஏன் வேணும்னு 6-ல சொல்றேன்.

இதுக்கப்புறம் ஒரு வட்டம் மெதுவா நிரம்பும். சில நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல போனை எடுத்துக்கிட்டு அடுத்த அறைக்குப் போகாதே, ரெண்டும் பக்கத்துலயே இருக்கட்டும். வாட்ச் ஒரு சத்தம் கொடுத்து மெல்லத் தட்டினா முடிஞ்சது.

4. யாருக்குத் தகவல் போகணும்

போன்ல வெள்ளைப் பின்னணியில சிவப்பு இதயம் போட்ட Health செயலியைத் திற. மேலே வலது ஓரத்துல உன் படமோ, பேரோட முதல் எழுத்தோ இருக்கற வட்டம். அதைத் தட்டி Medical ID, அப்புறம் Edit.

பிறந்த தேதி, ரத்த வகை, தினமும் போடற மாத்திரை, ஒத்துக்காத மருந்து, எல்லாத்தையும் போடு. மாத்திரைப் பேரை அட்டையைப் பார்த்து எழுத்துப் பிசகாம எழுது. Show When Locked-ங்கறதை ஆன் பண்ணு. போன் பூட்டியிருந்தாலும் உதவிக்கு வர்றவங்க இதைப் படிக்க முடியணும். இல்லேன்னா எழுதியும் புண்ணியமில்லை.

கீழே add emergency contact இருக்கும். இதைச் செய்யறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுக்கோ, ஏன்னா எல்லாரும் இதைத் தப்பாத்தான் புரிஞ்சு வெச்சிருக்காங்க. நீ விழுந்தா வாட்ச் எனக்குப் போன் பண்ணாது. அது அவசர சேவை நம்பருக்குத்தான் கூப்பிடும். அந்த அழைப்பு முடிஞ்சப்புறம்தான் இந்தப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கு, நீ இருக்கற இடத்தோட ஒரு மெசேஜ் போகும்.

அதனால பட்டியல்ல என்னை மட்டும் போட்டா பிரயோஜனம் இல்லை. எனக்கு மெசேஜ் வர்றப்ப இங்க நடுராத்திரியா இருக்கலாம். பார்த்தாலும் நான் ஓடி வர முடியாது. நடந்தே உன்கிட்ட வரக்கூடிய மாடி வீட்டு அக்கா, வண்டியில வரக்கூடிய சித்தி, அப்புறம் நான். மூணு பேரையும் சேர். மாடி வீட்டு அக்காகிட்ட ஒரு சாவி இருந்தா இன்னும் நல்லது. கதவு உள்ளே பூட்டியிருந்தா மெசேஜ் கிடைச்சும் வெளியிலதான் நிக்கணும்.

என் நம்பரைச் சரிபார்த்துக்கோ. + குறியும் நான் இருக்கற நாட்டோட எண்ணும் முன்னாடி இருக்கணும். நீ எப்பவும் வாட்ஸ்அப்லயே கூப்பிடறதால இது தப்பா இருந்தாலும் இதுவரைக்கும் தெரிஞ்சிருக்காது. இந்த அவசரச் செய்தி வாட்ஸ்அப்ல வராது, போனோட சாதாரண மெசேஜ் வழியாத்தான் வரும். சோதிச்சுப் பார்க்க வழி இருக்கு: பச்சை நிற Messages செயலியில இருந்து எனக்கு "வந்ததா?"ன்னு ஒண்ணு அனுப்பு. நான் அங்கயே பதில் போட்டா சரி. அனுப்ப முடியலைன்னு சிவப்பு ஆச்சரியக்குறி வந்தா என்கிட்ட சொல்லு. உன் சிம்முல வெளிநாட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்பற வசதி இல்லாம இருக்கலாம், அதைக் கேட்டு வாங்கணும். என் போன் சத்தமில்லாம இருந்தாலும் உன் மெசேஜ் வந்தா மட்டும் ஒலிக்கற மாதிரி நான் இங்க போட்டுட்டேன்.

5. விழுந்தா கண்டுபிடிக்கற வசதியை உறுதி பண்றது

இணைக்கும்போது உன் வயசு 55-க்கு மேலன்னு இருந்தா இது தானாவே ஆன் ஆயிடும். ஆனா கேள்வியைத் தாண்டிப் போயிருந்தாலோ, பிறந்த வருஷம் தப்பா இருந்தாலோ ஆகாது. தானா ஆகியிருக்கும்னு நம்பாம கண்ணால பாரு.

போன்ல Watch செயலி, My Watch, Emergency SOS, Fall Detection. ஆன்ல இருக்கணும். அதுக்குக் கீழே ரெண்டு வாய்ப்பு இருக்கும்: Always on, Only on during workouts. முதலாவதுலதான் டிக் இருக்கணும். ரெண்டாவது இருந்தா, நீ வாட்ச்ல உடற்பயிற்சி ஆரம்பிச்சாத்தான் அது விழிச்சுக்கும். குளியலறையில வழுக்கினா சும்மா இருக்கும்.

அதே Emergency SOS பக்கத்துல Hold Side Button to Dial இருக்கு. இப்போதைக்கு அதை ஆஃப் பண்ணி வை. ஒத்திகை பார்த்தப்புறம் ஆன் பண்ணச் சொல்றேன்.

6. கையில கட்டற விதம்

மணிக்கட்டு எலும்பு முட்டிக்கிட்டு நிக்குமே, அது மேல கட்டாதே. ஒரு விரல் அகலம் தள்ளி, முழங்கை பக்கமா கட்டு. முதுகுப் பக்கம் தோல்ல முழுசா படியணும். பட்டை அழுத்தி அச்சு விழக்கூடாது. கையைக் குலுக்கினா வாட்ச் நகர்ந்தா தளர்வு. துணிக்கு மேலயும் கட்டக்கூடாது. முதுகுல பச்சை வெளிச்சம் மினுக்கும், பயப்படாதே. நாடி பார்க்கறது அதை வெச்சுத்தான்.

இது சும்மா வசதிக்காகச் சொல்லலை. வாட்ச் தான் ஒரு கையில இருக்கோம்கறதைத் தோலைத் தொட்டுத்தான் தெரிஞ்சுக்குது. அதுக்கு Wrist Detection-ன்னு பேர். அது ஆஃப்ல இருந்தா, நீ பலமா விழுந்ததை வாட்ச் கண்டுபிடிச்சாலும் தானா யாரையும் கூப்பிடாது. Watch செயலியில Passcode உள்ளே போய் Wrist Detection ஆன்ல இருக்கான்னு பாரு.

அடிக்கடி எண் கேட்குதுன்னு பாஸ்கோடையும் இதையும் ஆஃப் பண்றவங்க நிறைய பேர். தொந்தரவு போகும், கூடவே வாங்கின காரணமும் போயிடும். எண்ணைக் கட்டும்போது ஒரு தடவை போட்டா, கழட்டற வரைக்கும் மறுபடி கேட்கக்கூடாது. நடுவுல கேட்டுக்கிட்டே இருந்தா பட்டை தளர்வுன்னு அர்த்தம்; ஒரு துளை இறுக்கு. அந்த ஒரு தடவை கூட வேண்டாம்னா, அதே பக்கத்துல Unlock with iPhone ஆன் பண்ணு. வாட்ச்சைக் கட்டிக்கிட்டு போனைத் திறந்தா வாட்ச்சும் திறந்துக்கும்.

வளையலை மறு கைக்கு மாத்திக்கோ. நீளப் பட்டன் மேல உரசி அழுத்திக்கிட்டே இருக்கும்.

7. விழுந்தா என்ன நடக்கும்: ஒரு ராத்திரி உதாரணம்

ராத்திரி குளியலறையில கால் வழுக்குதுன்னு வெச்சுக்கோ. வாட்ச் கையில இருக்கு, போன் பக்கத்துப் படுக்கையறையில இருக்கு.

பலமா விழுந்த உடனே வாட்ச் மணிக்கட்டுல தட்டும், சத்தம் போடும், நீ விழுந்த மாதிரி தெரியுதேன்னு திரையில காட்டும். இதுக்கப்புறம் நடக்கறது, நீ அசையறியா இல்லையாங்கறதைப் பொறுத்தது.

அடி ஒண்ணும் இல்லை, எழுந்துட்டேன்னா, நீ நல்லா இருக்கேன்னு சொல்ற வரியைத் தட்டு. I'm OK-ங்கற மாதிரி இருக்கும். அவசரத்துல படிக்க வரலைன்னா குமிழை அழுத்தினாலே போதும், எச்சரிக்கை போயிடும்.

நினைவு தப்பி அசையாம கிடந்தா, வாட்ச் சுமார் ஒரு நிமிஷம் பார்க்கும். அப்புறம் 30 வினாடி எண்ண ஆரம்பிக்கும். தட்டலும் சத்தமும் கூடிக்கிட்டே போகும், வீட்டுல வேற யாராவது இருந்தா கேட்கட்டும்னு. எண்ணி முடிஞ்சா அவசர சேவையைக் கூப்பிட்டு, இவங்க விழுந்துட்டாங்கன்னு பதிவு பண்ணின குரல்ல சொல்லி, இருக்கற இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையையும் சொல்லும். ஆக, விழுந்ததுல இருந்து அழைப்பு போக ஒண்ணரை நிமிஷம் ஆகும்.

மூணாவது நிலைமைதான் ஆபத்து. நினைவு இருக்கு, கை அசையுது, ஆனா இடுப்பு வலியில எழுந்திருக்க முடியலை. இப்ப வாட்ச் தானா கூப்பிடாது. நீ அசையறதைப் பார்த்துட்டு, நீயே பதில் சொல்லுவேன்னு காத்துக்கிட்டே இருக்கும். "அதுவே பார்த்துக்கும்"னு நீயும் காத்திருந்தா ரெண்டு பேரும் காத்திருக்க வேண்டியதுதான். திரையில Emergency SOS-ன்னு இருக்கறதை இடமிருந்து வலமா இழுத்துவிடு. எச்சரிக்கை மறைஞ்சு போயிருந்தா 8-ல சொல்ற மாதிரி நீளப் பட்டனைப் பிடி.

எல்லா விழறதையும் வாட்ச் கண்டுபிடிக்காது. நாற்காலியில இருந்து மெதுவா சரிஞ்சா, சுவரைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டா, அதுக்கு அது விழுந்த மாதிரியே தெரியாம போகலாம். எதிர்மாறாவும் நடக்கும்: மேசையை ஓங்கித் தட்டினா விழுந்துட்டியான்னு கேட்கும். கேட்டா பதட்டப்படாம I'm OK தட்டு. நிறைய நேரம் இருக்கு, அசைஞ்சுக்கிட்டே இருந்தா அது கூப்பிடவே கூப்பிடாது.

8. நீயே கூப்பிடறது, அதுக்கு ஒத்திகை

நெஞ்சு வலி, தலைசுத்தல், மேலே சொன்ன மாதிரி எழுந்திருக்க முடியாத நிலைமை, எல்லாத்துக்கும் இதுதான் வழி. ஒத்திகை இல்லாம இது கைக்கு வராது. பயத்துல இருக்கும்போது ஆங்கிலத்துல படிச்சுப் பார்த்து யாரும் தட்டப் போறதில்லை; விரல் தானா போகணும்.

5-ல Hold Side Button to Dial-ஐ ஆஃப் பண்ணிட்டியான்னு இன்னொரு தடவை பாரு. இப்ப நீளப் பட்டனை அழுத்திப் பிடி. திரையில இழுக்கற பட்டைகள் வரும். Medical ID ஒண்ணு, Emergency Call ஒண்ணு. வந்ததும் கையை எடு, எதையும் இழுக்காதே, குமிழை அழுத்தி வெளியே வந்துடு. கண்ணை மூடிக்கிட்டு நீளப் பட்டனைக் கண்டுபிடிக்க வர்ற வரைக்கும் இதைச் செய். படுத்துக்கிட்டும் ஒரு தடவை செஞ்சு பாரு. நிக்கும்போது எளிசா கிடைக்கற பட்டன், கையை மடக்கிப் படுத்திருக்கும்போது கிடைக்காது.

பழகினப்புறம் Hold Side Button to Dial-ஐ மறக்காம ஆன் பண்ணு. இப்ப பட்டனை விடாம பிடிச்சுக்கிட்டே இருந்தா, பட்டைகளுக்கு அப்புறம் எண்ண ஆரம்பிச்சு சத்தம் வரும். எண்ணி முடிஞ்சா நிஜமாவே அழைப்பு போயிடும். சத்தம் வரும்போதே கையை எடுத்தா நின்னுடும். இதை மனசுல வெச்சுக்கோ: சத்தம் வந்தா வேண்டாம்னா விடு, வேணும்னா விடாதே. உண்மையான அவசரத்துல சத்தத்துக்கு பயந்து கையை எடுத்துடறவங்க இருக்காங்க.

தெரியாம அழைப்பு போயிடுச்சுன்னா டக்குனு கட் பண்ணாதே. எடுக்கறவங்ககிட்ட "தெரியாம அழுத்திட்டேன், ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிட்டு முடி. பேசாம வெச்சா, ஆபத்துல இருக்காங்களோன்னு அவங்க திரும்பக் கூப்பிடுவாங்க. அழைப்பு முடிஞ்சதும் எங்களுக்கு மெசேஜ் அனுப்பவான்னு வரும்போது நிறுத்திக்கலாம். நிறுத்த மறந்தாலும் பரவாயில்லை, நான் கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்.

9. போன் எங்க இருக்கணும்

இந்த மாடல்ல தனி சிம் கிடையாது. அதனால வாட்ச் கூப்பிடறதுன்னா உன் போன் வழியாத்தான். போன் அணைஞ்சிருந்தாலோ, ஃப்ளைட் மோடுல இருந்தாலோ, வீட்டுல வெச்சிட்டு நீ நடைப்பயிற்சிக்குப் போனாலோ, வாட்ச் விழுந்ததைக் கண்டுபிடிச்சும் வாயைத் திறக்க முடியாது. புளூடூத் எட்டற தூரம் தடையில்லாத இடத்துல சுமார் 10 மீட்டர். நடுவுல சுவர் வந்தா குறையும். வீட்டுக்குள்ள ரெண்டும் ஒரே வைஃபைல இருந்தா அதைத் தாண்டியும் பேசிக்கும். ஆனா மின்சாரம் போனா வைஃபையும் போயிடும், அதை நம்பி இருக்காதே. ராத்திரி போனைக் கூடத்துல விடாம படுக்கையறையிலயே சார்ஜ் போடு. வெளியே போனா கூடவே எடுத்துக்கோ.

சரிபார்க்க சுலபமான வழி: மணி காட்டற திரையில இருக்கும்போது நீளப் பட்டனை ஒரு தடவை அழுத்தி விடு, பிடிக்காதே. சின்னச் சின்னப் படங்களா ஒரு பக்கம் வரும். மேலே பச்சைல போன் படம் இருந்தா இணைப்பு இருக்கு, சிவப்புல இருந்தா இல்லை. அங்கயே போன்ல இருந்து அலை கிளம்பற மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தட்டினா உன் போன் எங்க இருந்தாலும் கூவும். போனை எங்கயோ வெச்சிட்டுத் தேடறதுக்கும் இதுதான் மருந்து. குளியலறைக்குள்ள நின்னு ஒரு தடவை தட்டிப் பாரு. போன் கூவலைன்னா போனை இன்னும் கிட்டே கொண்டு வந்து வைக்கணும்.

10. தேவையில்லாத தட்டல்களை நிறுத்து

போன்ல வர்ற எல்லா அறிவிப்பும் வாட்ச்லயும் வரும். குடும்பக் குழுவுல காலை வணக்கம் வரவர மணிக்கட்டு தட்டிக்கிட்டே இருந்தா, ரெண்டு நாள்ல நீ கண்டுக்க மாட்டே. அப்புறம் முக்கியமான தட்டலையும் கண்டுக்க மாட்டே. Watch செயலியில Notifications போய், கீழே வரிசையா இருக்கற செயலிகள்ல வாட்ஸ்அப் உட்பட எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. Phone, Messages ரெண்டும் மட்டும் இருக்கட்டும். "எழுந்து நில்லு"ன்னு மணிக்கொரு தடவை வர்றது பிடிக்கலைன்னா Activity உள்ளே Stand Reminders ஆஃப்.

எழுத்து சின்னதா இருந்தா அதே செயலியில Display & Brightness; எழுத்தளவைக் கூட்டலாம், Bold Text போடலாம். மணித் திரையை விரலால அழுத்திப் பிடிச்சா முகப்பு மாத்தற இடத்துக்குப் போயிடும். "வாட்ச் கெட்டுப்போச்சு"ன்னு நிறைய பேர் சொல்றது இதைத்தான். குமிழை அழுத்தினா பழைய இடத்துக்கு வந்துடும்.

11. சார்ஜ் போடற நேரம், குளியல்

ஒரு தடவை முழுசா ஏத்தினா 18 மணி நேரம் வரைக்கும் வரும்னு ஆப்பிள் சொல்லுது. போன் மாதிரி ராத்திரி கழட்டி சார்ஜ் போட்டா, இருட்டுல எழுந்து நடக்கற நேரத்துல வாட்ச் மேசை மேல இருக்கும். அதனால ராத்திரி கையிலயே இருக்கட்டும். சாயங்காலம் டிவி முன்னாடி அசையாம உட்கார்ந்திருக்கற நேரத்துல சார்ஜ் போடு. ஒண்ணரை மணி நேரத்துல 80 சதவீதம் வாக்குல வந்துடும். காலையில உட்கார்ந்து பேப்பர் படிக்கறப்ப இன்னொரு அரை மணி.

குளிக்கும்போது கழட்டாதே, வழுக்கற இடமே அதுதான். தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. சோப்பும் ஷாம்பூவும் மட்டும் அதுமேல நேரா படாம பாத்துக்கோ, தண்ணி புகாம தடுக்கற ரப்பரை அது கெடுக்கும். குளிச்சதும் நல்ல தண்ணியில அலசி, பட்டைக்கு அடியில தோலைத் துடைச்சிட்டுக் கட்டு. ஈரத்தோட இருந்தா அரிக்கும்.

12. நாடித்துடிப்பு எண்ணைப் பத்தி

நீ சும்மா உட்கார்ந்திருக்கும்போது 10 நிமிஷத்துக்கு மேல துடிப்பு 120-ஐத் தாண்டியே இருந்தாலோ, 40-க்குக் கீழே இருந்தாலோ வாட்ச் சொல்லும். இந்த எண்களை Watch செயலியில Heart உள்ளே பார்க்கலாம், மாத்தலாம். உன் மாத்திரை துடிப்பைக் குறைக்கறதா இருந்தா, கீழ் எல்லை எவ்வளவு வைக்கலாம்னு டாக்டரைக் கேட்டுட்டு மாத்து.

மாரடைப்பை இந்த வாட்ச் கண்டுபிடிக்காது. ஈசிஜி எடுக்கற வசதியும் இந்த மாடல்ல இல்லை. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச்ல 78 காட்டுதேன்னு படுத்துடாதே. எண்ணைப் பார்க்காம நீளப் பட்டனைப் பிடி.

13. மாசத்துக்கு ஒரு தடவை

போன் படத்தைத் தட்டி கூவுதான்னு பாரு. Emergency SOS பக்கத்துல Fall Detection, Hold Side Button to Dial ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாரு. மாடி வீட்டு அக்கா, சித்தி நம்பர் மாறியிருந்தா Medical ID-லயும் மாத்து, மாத்திரை மாறினாலும் அப்படித்தான். திடீர்னு போனோட சேராம சிவப்புப் படமே காட்டிக்கிட்டு இருந்தா, முதல்ல போன்ல புளூடூத் ஆன்ல இருக்கான்னு பாரு. இருந்தும் வரலைன்னா ரெண்டையும் அணைச்சு ஆன் பண்ணு: வாட்ச்ல நீளப் பட்டனைப் பட்டைகள் வர்ற வரைக்கும் மட்டும் பிடிச்சு, மேலே மூலையில இருக்கற பவர் குறியைத் தட்டி இழுக்கணும். அதுக்கும் மசியலைன்னா, Unpair-ன்னு எங்கயாவது பார்த்துத் தட்டிடாம என்னை வீடியோவுல கூப்பிடு. அதைத் தட்டினா வாட்ச்ல இருக்கறது அழிஞ்சு, 3-ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.